கடைசி இரண்டு எண்

எதிர்க் கடைக்காரி மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு எதிரே போகும் ஒரு சந்தில், அஞ்சடி நடைபாதை ஓரமாக எனக்கு ஒரு கைப்பேசிக் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் ஒரு சுவர், அந்தச் சுவர் முழுக்கத் தொங்கும் போன் உறைகள். முன்பணம் கட்டிப் பேசும் சிம் கார்டு, டாப்-அப், சார்ஜர், உடைந்த கண்ணாடி மாற்றுவது, எல்லாம் உண்டு. தோ பாயோ வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து பூட்டைத் திறந்தால் இரவு மூடும் வரை நான்தான் முதலாளி, நான்தான் சிப்பந்தி. பத்தொன்பது வருடமாக அப்படித்தான். சந்துக்குள் யார் நுழைந்தாலும் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவார்கள்.

அவள் வந்து கடை போடும் வரை.

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, மாமனார் வைத்திருந்த தையல் கடையை மூடிவிட்டு அதே இடத்தில் கைப்பேசிக் கடை திறந்தாள். வேறு இடமே கிடைக்கவில்லையா? சரி, அதுகூடப் போகட்டும். சிரித்துக்கொண்டே "நாம வேற வேற கம்பெனி கார்டுதானக்கா விக்கிறோம், போட்டியே இல்ல" என்றாள். ஆறே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை வரிசை அவள் கடை முன்னால் நின்றது. என் கடைக்கு வருகிறவர்கள் அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அவள் என்ன பெரிதாகச் செய்கிறாள் என்று நான் கவனித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே. எல்லாரும் கொண்டுவரும் தலைவலி ஒன்றுதான்: "கோடு வரலக்கா." பேங்கோ, வேலை பெர்மிட்டோ, பயிற்சியோ, எதற்குள் நுழைந்தாலும் முதலில் போனுக்கு ஆறு எண் அனுப்புகிறார்கள். அந்தக் குறுஞ்செய்தி வராவிட்டால் ஆளே இல்லை என்று அர்த்தம். நானாக இருந்தால் போனைக் கையில் வாங்கிவிடுவேன். அணைத்து ஏற்றுவேன், அமைப்புகளுக்குள் போவேன், நாலைந்து இடத்தில் தட்டுவேன். வாடிக்கையாளருக்கும் ஏதோ நடக்கிறது என்று திருப்தி.

அவள் போனைத் தொடவே மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பாள்: "எந்த நம்பருக்கு அனுப்பினதா போட்டிருக்கு? கடைசி ரெண்டு நம்பரைப் படிங்க." அந்த ஆள் திரையை உற்றுப் பார்த்துப் படிப்பார். பாதிப் பேர் அங்கேயே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அது ஜோசியக்காரர் கிளியைச் சீட்டு எடுக்கச் சொல்வது மாதிரி இருக்கும். "நம்பர் படிச்சுப் பலன் சொல்றா லா" என்று பக்கத்துப் பூமாலைக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுநாள் அவரும் அவளிடம்தான் போய் டாப்-அப் செய்தார்.

அவளிடம் இன்னொரு பழக்கம். கார்டு விற்கும்போது அந்தச் சின்னஞ்சிறு சிம்மின் மேல்பக்கத்தில், தங்க நிறம் இல்லாத பக்கத்தில், அழியாத மை பேனாவால் அந்த எண்ணின் கடைசி இரண்டு எண்ணை எழுதிவிடுவாள். நகத்தளவு இடத்தில் அவ்வளவு அழகாக எழுதுவாள். தொழிலாளர்கள் ஊர் கார்டு, இந்த ஊர் கார்டு என்று இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள், எது எது என்று குழம்பக் கூடாதாம். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

எரிந்தால் சும்மா இருக்க முடியுமா? நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கம்பெனி புது எண் எடுக்கிறவர்களுக்கு முதல் மாதம் இரண்டு மடங்கு டேட்டா கொடுத்தது. அவளிடம் கார்டு வாங்கியவர்கள் போன் உறை பார்க்கவோ சார்ஜர் வாங்கவோ என் பக்கம் வந்தால் விடமாட்டேன். "அங்க டாப்-அப் போடுற காசுக்கு இங்க புது கார்டே போட்டுடலாம், டபுள் டேட்டா லா" என்பேன். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நாள் ஆகும், அந்த இரண்டு மடங்கு டேட்டாவும் கிடைக்காது. அதற்குள் ஆள் மனம் மாறி மறுபடி எதிரே போய்விடுவார். அதனால் அதைப்பற்றி வாயே திறக்க மாட்டேன்.

கார்டு மாற்றும்போது பழையதை ஊசியால் எடுத்து மேசையில் வைப்பேன். "இது வேணுமா?" என்று கேட்பேன், கேட்கிற தொனியிலேயே வேண்டாம் என்ற பதிலும் இருக்கும். அவர்கள் போனதும் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவேன். அவள் கையெழுத்துப் போட்ட கார்டுகளுக்கு மட்டுமே அந்த டப்பா. கூட்டம் இல்லாத நேரத்தில் திறந்து எண்ணுவேன். முப்பத்தொன்று வரைக்கும் சேர்ந்திருந்தது. முப்பத்தொரு பேரை அவளிடமிருந்து இழுத்துவிட்டேன் என்று நினைத்தால் மதியச் சாப்பாடு நன்றாக இறங்கும். என்ன புத்தி என்று இப்போது கேட்கலாம். அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஒரு வெல்டர் வந்தார். நான் கார்டு மாற்றிவிட்ட ஆள்தான். போனே சரியில்லை, ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை, புதுசு வேண்டும் என்றார். இருப்பதில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தேன். பெட்டியைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லாமலே அவர் அப்படித்தான் போனார், அவள் கடை வாசல் வழியாக. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதற்கு அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. சந்து முழுக்கத் தலை. மூன்றரை மணி இருக்கும். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர், நாற்பதை நெருங்கும் வயது, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கார்டு மாற்றிக் கொடுத்தவர்.

"அக்கா, கோடு வர மாட்டேங்குது. வியாழக்கிழமையிலேர்ந்து பாக்குறேன். அஞ்சு மணிக்குள்ள போட்டாகணும்."

விஷயம் இதுதான். பதினொரு வருடமாகப் பட்டறையில் இரும்பு தேய்க்கிற வேலை. கம்பெனி அவரை மேற்பார்வையாளர் பயிற்சிக்குப் பேர் கொடுத்திருக்கிறது. எழுபது பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த வாய்ப்பு. ஃபோர்மேன் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். ஆனால் சேருகிறவர் தானே பயிற்சி நிலையத்தின் இணையதளத்துக்குள் போய், போனுக்கு வரும் கோடைப் போட்டு, நான்தான் என்று உறுதி செய்ய வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணியோடு அந்தக் கதவு மூடிவிடும். செய்யாவிட்டால் இடம் காத்திருப்பவருக்குப் போகும்.

"அடுத்த தடவை நம்ம பேரைக் கொடுப்பாங்களான்னு சொல்ல முடியாதுக்கா. முட்டி தேஞ்சு போச்சு. இன்னும் எத்தனை வருஷம் குனிஞ்சே நிப்பேன்?" என்றார். அவர் தோள்பையில் புது நோட்டுப் புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்தது. வகுப்புக்கு முன்கூட்டியே வாங்கிவிட்டார் போல.

"பயிற்சி நிலையத்துக்குப் போன் பண்ணினீங்களா?"

"வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட். நேத்து அடிச்சேன், இன்னைக்கும் அடிச்சேன். மெஷின்தான் பேசுது. திங்கக்கிழமை காலையில கூப்பிடச் சொல்லுது."

போனை வாங்கினேன். எதிரே அவள் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நாம் யார் என்று காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று தோன்றியது. என் படிக்கும் கண்ணாடி கழுத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் அவளுக்கு முன்னால் கிழவியாகத் தெரிவேன் என்று அவள் வந்த நாளிலிருந்து கூடுமானவரை போடுவதில்லை. அன்றும் போடவில்லை.

விமான முறையைப் போட்டு எடுத்தேன். போனை அணைத்து ஏற்றினேன். என் போனிலிருந்து அவருக்கு "சோதனை" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், உடனே வந்தது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். என் செய்தி வருகிறதென்றால் போனிலும் கார்டிலும் கோளாறு இல்லை, சிக்னலும் இருக்கிறது. அப்படியானால் கோடு கிளம்பவே இல்லை, அல்லது வழியில் ஏதோ தடுத்துவிட்டது, அல்லது வேறு எங்கோ போகிறது. ஆனால் யோசிக்கிறவள் கை நிற்கும், நிற்கிற கையை எதிரே இருக்கிறவள் பார்ப்பாள். எனவே தட்டிக்கொண்டே இருந்தேன்.

போனில் குப்பைச் செய்திகள் போகும் தனிப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். சில சமயம் கோடு அங்கே போய் விழுந்து கிடக்கும். கடன் தருகிறேன் என்ற விளம்பரமும், மோசடியாக இருக்கலாம் என்று தலைப்பிலேயே எச்சரித்து வந்த இரண்டு செய்திகளும்தான் கிடந்தன. தடுத்து வைத்த எண்களின் பட்டியல் காலி. உள்ளே இடம் நிறைந்திருக்குமோ என்று ஊர்த் திருவிழா வீடியோ நாலைந்தை அவரைக் கேட்டு அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் "மறுபடி அனுப்பு" என்பதை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, ஐந்து. அப்புறம் அந்தப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது, மேலே ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பாக வந்தது.

"என்னக்கா சொல்லுது?"

சிவப்பு எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. வேறு வழியில்லை, கண்ணாடியைப் போட்டேன். பல முறை முயன்றுவிட்டீர்கள், முப்பது நிமிடம் கழித்து வாருங்கள் என்று இருந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. நான்கு இருபத்தைந்து வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதுவே போதுமான அடி. அதற்குக் கீழே, இளஞ்சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை போல ஒரு வாக்கியம். உங்கள் கோடை இந்த எண்ணுக்கு அனுப்பினோம். வரிசையாக நட்சத்திரக் குறிகள், கடைசியில் 47.

நான் அவருக்குக் கொடுத்த எண் 82 என்று முடியும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூட்டினால் பத்து வருகிறது, நல்ல எண் என்று நானே பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன்.

பட்டறை ஆபீசில் அவருடைய பழைய எண்தான் இருந்திருக்கிறது. ஃபோர்மேன் அதைப் பார்த்து விண்ணப்பம் நிரப்பியிருக்கிறார். நான்கு நாளாகக் கோடுகள் ஒழுங்காகத்தான் கிளம்பிக்கொண்டிருந்தன. அவை தேடிப் போன கார்டு என் மேசைக்கடியில் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு அவருடைய முட்டியும் நினைவுக்கு வரவில்லை, பயிற்சியும் நினைவுக்கு வரவில்லை. அவளுடைய கேள்விதான் காதில் கேட்டது. கடைசி ரெண்டு நம்பரைப் படிங்க. எடுத்த எடுப்பிலேயே அவள் கேட்டிருப்பாள். அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அரை மணி நேரம் போனை உருட்டி, பொத்தானையும் பூட்டிவிட்டு நிற்கிறேன். அந்தக் கார்டைச் செத்துப்போக விட்டதும் நான்தான்.

"சர்வர் பிரச்சினை லா. அவங்க பக்கம் கோளாறு. நம்ம கையில இல்ல, தம்பி" என்றேன்.

பொய் சுலபமாக வந்தது. அவர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். தோள்பையை மடியில் வைத்து, நோட்டுப் புத்தகத்தை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினார்.

அவர் கண் எதிர்க் கடைப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டேன். "வேணும்னா அங்க கேட்டுப் பாருங்க" என்று என் வாய் சொன்னது.

அவர் தலையை ஆட்டினார். "அவங்ககிட்ட ரெண்டு வருஷம் கார்டு போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம இங்க வந்துட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? நீங்க பாத்துச் சொல்லிட்டீங்கல்லக்கா. அது போதும்."

அது போதும் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்தொன்பது வருடமாக நான் ஆசைப்பட்டது இந்த நம்பிக்கையைத்தான். அதை வைத்துக்கொண்டு அவரை வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தேன்.

டப்பாவை எடுத்து மேசை மேல் கவிழ்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கொட்டின. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எண். 19, 60, 33, 05. அவர் எழுந்து வந்து என்ன தேடுகிறேன் என்று பார்த்தார். எண்ணுவதற்காக எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட அந்த எண்களைப் படித்ததில்லை. 47 கிடைத்தது. என்னை எரியவைத்த அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் முப்பத்தொன்றில் எது அவருடையது என்று கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது.

"தம்பி, கோடு உங்க பழைய நம்பருக்குப் போயிருக்கு. நான்தான் கவனிக்கல. சர்வர்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் போனில் இரண்டு கார்டு போட இடம் உண்டு. ஊர் கார்டை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு 47-ஐப் போட்டேன். போன் மறுபடி உயிர் பெற்றது. அந்தக் கார்டுக்கு மட்டும் சேவை இல்லை என்று காட்டியது. மூன்று வாரமாக டாப்-அப் இல்லை, கெடு முடிந்திருந்தது. அந்தக் கம்பெனி டாப்-அப் என்னிடம் கிடையாது. யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தின் குறுக்கே பத்து அடி. வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போனேன். அவரும் தயங்கியபடி பின்னாலேயே வந்தார். ஒரு கையில் அவர் போன். இன்னொரு கையில் டப்பா, கார்டுகளை அள்ளிப் போட்டு மூடாமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. கழற்ற நினைவில்லை.

"அக்கா! வாங்கக்கா" என்றாள். ஏதோ தினமும் நான் போகிறவள் மாதிரி.

நடந்ததைச் சொன்னேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் இடங்களைச் சுருக்கமாகவும், மற்றதை முழுதாகவும். அவள் கேட்டுக்கொண்டே தன் கருவியில் 47-ஐத் தேடினாள்.

"கெடு முடிஞ்சு நாலு நாள்தான் ஆகுதுக்கா. நம்பரை கம்பெனி இன்னும் திரும்ப எடுக்கல, அண்ணன் பேர்லதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வேற ஆளுக்குப் போயிருக்கும்." டாப்-அப் செய்தாள். போனை ஒரு முறை அணைத்து ஏற்றச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது சிக்னலில் ஒரு பட்டை எழுந்தது, பிறகு மூன்று. அவள் வேறு போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். வந்தது.

மணி நான்கு பதினான்கு. பூட்டு திறக்க இன்னும் பதினொரு நிமிடம். அவள் வரிசையில் இருந்தவர்களைக் கவனித்தாள். எனக்கு முக்காலி போட்டாள். ஆற்றின பால் டீ, தே தாரிக் வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்துவிட்டாளே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு இருபத்தாறுக்கு அவர் பொத்தானை அழுத்தினார். ஒரு முறை. பத்து நொடி, இருபது நொடி. ஒன்றும் வரவில்லை. என் விரல் தானாக மறுபடி அழுத்தப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. இன்னொண்ணு கேட்டா முதல்ல வர்ற கோடு செல்லாது. எது எதுன்னு தெரியாம தப்பா போடுவோம், மறுபடி பூட்டிக்கும். ரெண்டு நிமிஷம் பொறுங்க."

அவள் கை குளிர்ந்திருந்தது. அவளுக்கும் பயம்தான் போலிருக்கிறது. போன் ஒரு தடவை அதிர்ந்தது.

ஆறு எண். அவரே ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாகப் போட்டார். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி, அதற்குக் கீழே அவர் பேர். அவர் திரையைத் துடைத்தார், திரை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக் கும்பிட்டார். "உங்களுக்குன்னு சொல்றதா, அவங்களுக்குன்னு சொல்றதா தெரியலக்கா" என்றார்.

அவளுக்கென்றே சொல்லியிருக்கலாம். இப்படிச் சொன்னது எனக்குப் பரிதாபப்பட்டுத்தான் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணா, திங்கக்கிழமை முதல் வேலையா பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டு நம்பரை மாத்திடுங்க. பேங்க், பெர்மிட், எங்கெங்க கொடுத்திருக்கீங்களோ எல்லா இடத்துலயும். அது வரைக்கும் இந்தக் கார்டை எடுக்காதீங்க" என்று அவள் சொல்லி அனுப்பினாள். கார்டு விற்ற அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

அவர் போன பிறகு நான் எழுந்தேன். டப்பா அவள் மேசையில் இருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதற்குள் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு கார்டை எடுத்தாள், பிறகு இன்னொன்று. எல்லாம் அவள் எழுதியது. எதற்கு இதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. கார்டுகளை விரலால் பரப்பிவிட்டுச் சொன்னாள்: "அய்யோ, அக்கா. இத்தனை பேருக்கும் கோடு வராதே."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அவளிடமிருந்து பிடுங்கினவர்கள் என்றுதான் எண்ணினேன். ஒவ்வொரு கார்டையும் தேடி எங்கிருந்தோ ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை. சம்பளம் ஊருக்கு அனுப்பக் கோடு கேட்டு உட்கார்ந்திருப்பவர், டாக்டரைப் பார்க்க நாள் குறிக்க முடியாதவர், போன் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்.

என் கடைக்குத் திரும்பி, புது கார்டு விற்றவர்களின் எண்களை எழுதிவைத்த நோட்டை எடுத்தேன். கூட்டம் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "பழைய நம்பரை எங்கெங்க கொடுத்திருக்கீங்க, யோசிச்சுப் பாருங்க. பழைய கார்டு எங்கிட்ட இருக்கு, வந்து வாங்கிக்குங்க" என்றேன். முதல் ஆள் சரி என்றார். இரண்டாவது ஆள் எடுக்கவில்லை. மூன்றாவதாகப் பட்டியலில் இருந்தது அந்த வெல்டர்.

அவரிடமும் அதையே சொன்னேன்.

"அப்ப அதுக்குத்தான் கோடு வரலியாக்கா?" என்றார். "நான் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அதுக்காகத்தானே போன வாரம் உங்ககிட்ட புதுசு வாங்கினேன்."